புள்ளி நீக்கும் வேலை

ஓசூரில் வார்ப்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்குக் கேமரா வேலை. பெல்ட்டில் வரும் பாகத்தில் குண்டூசி முனையளவு குழி இருந்தாலும் நான் எழுதிய நிரல் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பாகத்துக்குச் சிவப்பு மை வைத்து ஒதுக்கும் அக்கா ஒருநாள் ஒரு போட்டோவோடு வந்தார்.

பாரூர்க்காரர். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை திதிக்குப் பெரிதாக்கி மாட்ட வேண்டும். இருப்பதோ உள்ளங்கையளவு கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான். ஸ்கேன் செய்தால் முகமெல்லாம் மணல் தூவியதுபோல் புள்ளி.

எனக்கு ஆர்வம் பற்றிக்கொண்டது. சாப்பாட்டு நேரத்தில், கேமராப் படங்களுக்கு நான் பயன்படுத்தும் ஓப்பன்சிவி என்ற நிரல் தொகுப்பைத் திறந்தேன். ஒன்றுபோல் இருக்கும் சின்னத் துண்டுகளைப் படத்தில் தேடி, சராசரி எடுத்துப் புள்ளியைக் கரைக்கும் கட்டளை அதில் உண்டு. எவ்வளவு கரைப்பது என்பதற்கு எச் என்று ஓர் எண். தாராளமாகப் பத்து வைத்தேன். முகம் பளபளவென்று வந்தது. எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

அக்கா வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குது சார். ஆனா இது எங்கம்மா இல்ல.”

சுருக்கென்று கோபம் வந்தது. என்ன குறைகிறது என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. சரி, கணக்குப் போட்டே காட்டிவிடலாம் என்று பழைய படத்திலிருந்து புதியதைக் கழித்து, மிச்சத்தை வெளிச்சம் கூட்டிப் பார்த்தேன். புள்ளி மட்டும் போயிருந்தால் அந்த மிச்சத்தில் உருவமே தெரியக் கூடாது; வெறும் மணலாக இருக்க வேண்டும்.

இருந்தது ஒரு முகம். புருவ மயிர், சேலைக் கரை, இரண்டு கன்னத்திலும் சின்னச் சின்னக் குழிகள்.

“அம்மை வடு சார்,” என்றார் அக்கா. அம்மாவுக்குச் சிறுவயதில் பெரியம்மை வந்ததாம். போட்டோவுக்கே நிற்க மாட்டாராம்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. குழியைக் கண்டால் ஒதுக்கியே பழகிய ஆள் நான். கைவேலையும் அப்படியே வந்திருக்கிறது.

எச் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்தேன். ஏழில் மிச்சத்தில் கன்னம் தெரிந்தது. ஐந்திலும் லேசாகத் தெரிந்தது. மூன்றில்தான் மிச்சம் வெறும் மணலானது. சட்டத்தின் அளவுக்கு அச்செடுத்து, சுவரில் ஒட்டி, நாலடி தள்ளி நின்று இருவரும் பார்த்தோம். தோல் தோலாக இருந்தது. நெற்றியருகே மட்டும் கொஞ்சம் புள்ளி மிச்சம். அதையும் எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

அக்கா கிட்டே போய் அந்தக் கன்னத்தை விரலால் தடவினார்.

“இருக்கட்டும் சார். எங்கம்மாவ ரிஜெக்ட் பண்ணாம விட்டீங்களே, அது போதும்.”