இருபத்திரண்டு டிகிரிக்கு நான் ஒப்பவில்லை

கடத்தூரிலிருந்து தருமபுரிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் படித்த மெக்கானிக்கல் இன்ஜினியரிங் அது. மூன்றாம் வருஷம், வெப்பக் கடத்தல் லேப். ரெக்கார்டு நோட்டில் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் செய்முறைத் தேர்வு எழுத முடியும். அன்றைக்குத்தான் கடைசி நாள்.

கணக்கு சின்னது. ஒரு சதுரத் தகடு. மேல் விளிம்பு நூறு டிகிரி, மற்ற மூன்றும் பூஜ்யம். உள்ளே நான்கு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலையும் சுற்றியுள்ள நான்கின் சராசரியாக இருக்க வேண்டும். பூஜ்யத்தில் தொடங்கி, அப்படி ஆகும்வரை கம்ப்யூட்டர் திருத்திக்கொண்டே போகும்.

புரோகிராம் துறைத்தலைவர் எழுதியது. எண்கள் தாவிக் குதிக்கக் கூடாதென்று, ஒவ்வொரு சுற்றிலும் சராசரிக்கும் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் நகரும்படி தளர்வுக் காரணியை 0.1 என்று வைத்திருந்தார். ஒரு சுற்றில் எந்தப் புள்ளியும் ஒரு டிகிரிகூட நகராவிட்டால் 'முடிந்தது' என்று திரையில் வரும். வந்தது. மேல் புள்ளிகள் சுமார் இருபத்திரண்டு. வகுப்பே எழுதிக்கொண்டது.

நான் மேல் புள்ளி ஒன்றின் அக்கம்பக்கத்தைக் கூட்டி நான்கால் வகுத்தேன். முப்பத்தொன்று வந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஊரோட ஒத்துப் போடி" என்றாள் பக்கத்தில் இருந்த தோழி.

"அதத்தான்டி நானும் கேக்கறேன். இந்தப் புள்ளி ஊரோட ஒத்துப் போவுதா?"

அது துறைத்தலைவர் காதில் விழுந்துவிட்டது. "கம்ப்யூட்டரே முடிஞ்சதுங்குது. உனக்கு என்னம்மா?"

"முடியலைங்க சார். இன்னும் ஒம்பது டிகிரி பாக்கி இருக்குது. நாமதான் பத்துல ஒரு பங்குக்கு மேல நகர விடலைங்களே. அதனால ஒரு டிகிரிக்குள்ள நிக்குது."

"இருபத்திரண்டுன்னு எழுது. கையெழுத்துப் போடறேன்."

ஒரு வருஷம் போய்விடும் என்று பயந்தேன். ஆனாலும் எழுதவில்லை.

"எழுத மாட்டேங்க சார். 0.1ஐ மட்டும் 1 ஆக்கி ஓட்டுங்க. வேற எதையும் மாத்த வேண்டாம். எவ்வளவு வேகமாப் போனாலும் போய்ச் சேர்ற ஊரு ஒண்ணுதானுங்களே? அப்பவும் இருபத்திரண்டே வந்தா எழுதிடறேன்."

அவரே உட்கார்ந்து மாற்றினார். நாலைந்து சுற்றிலேயே நின்றுவிட்டது. மேல் புள்ளிகள் முப்பத்தேழைத் தாண்டியிருந்தன. அக்கம்பக்கத்தின் சராசரியைப் போட்டுப் பார்த்தார். அதுவும் கிட்டத்தட்ட அதேதான்.

நான் முப்பத்தேழு என்று எழுதினேன். அவர் என் நோட்டை இழுத்தார், கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே சிவப்பு மையில் எழுதினார்: 'சொன்னால் கேட்பதில்லை.'

அந்தப் பக்கத்தில் நான் எழுதிய விடையும் சரி, அவர் எழுதியதும் சரிதான்.