கறித் தட்டு கீழே, கோஸ் தட்டு மேலே

ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த நாங்கள் சிவகாசியில் என் வீட்டுக்காரரின் அக்கா வீட்டில்தான் தங்கினோம். மதினி எங்களை வாங்க என்று சொன்னாளே தவிர, நான் அடுப்படிக்குள் நுழைந்தாலே பின்னாலேயே வந்து நிற்பாள். உப்பு டப்பாவைத் திறந்தால்கூட எட்டிப் பார்ப்பாள். பர்மாவில் எதையும் தின்பார்கள், தவளையும் பன்றியும் ஒன்றுதான் என்று தெருவில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

மதினியின் வீட்டுக்காரரை நான் அண்ணாச்சி என்பேன். வெடி கம்பெனியில் வேலை. அங்கே பேக்கிங் பக்கம் காலியாக இருந்த ஓர் இடத்தை என் வீட்டுக்காரருக்கு வாங்கித் தரப் பார்த்தார். அதற்கு ஆள் எடுக்கும் கணக்கப்பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட அழைத்திருந்தார். அவர் சுத்த சைவம். ஆர்டர் பிடிக்க டார்ஜிலிங் பக்கம் போனபோது மோமோ என்று ஒன்றை, மாவுக்குள் கோஸ் வைத்து ஆவியில் அவித்ததை, தின்றதாகவும் அந்த ருசி மறக்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். "நம்ம வீட்டுலயே செய்வாக" என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்துவிட்டார். ரங்கூனில் பக்கத்து வீட்டுச் சீனக்காரியிடம் நான் கற்றது கிட்டத்தட்ட அதே பண்டம்தான்.

எனக்கு இருந்தது ஒரே அடுப்பு. கணக்கப்பிள்ளைக்குக் கோஸ், அண்ணாச்சிக்கு ஆட்டுக்கறி. கோஸைப் பொடியாக நறுக்கி உப்புப் போட்டுப் பிழிந்தேன். தண்ணீர் நின்றால் மாவு ஊறி அடியில் ஒட்டும். கோஸை அரைவட்டமாகவும் கறியை உச்சியில் சுருக்கிய உருண்டையாகவும் மடித்தேன். மூங்கில் தட்டுகளில் வாழையிலைத் துண்டுகளைப் போட்டு, ஆவி ஏற ஊசியால் குத்தி, நல்லெண்ணெய் தடவினேன். ஒன்றையொன்று தொடாமல் அடுக்கினேன்.

"இம்புட்டு எண்ணெயா?" என்றாள் மதினி.

"இல்லன்னா அடி பிஞ்சு இலையிலயே நின்னுக்கிடும் மதினி."

தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் கறித் தட்டை வைத்தேன். பச்சைக் கொத்துக்கறி வேகக் கால் மணி நேரம் வேண்டும். கோஸுக்கு அதில் பாதி போதும். அதனால் பாதி நேரம் கழித்து அதன்மேல் கோஸ் தட்டை ஏற்றினேன். கறியின் கொழுப்பு நெய்யாய் உருகிக் கீழே சொட்டும், மேலே போகாது. கோஸ் எப்போதும் மேல் தட்டில்தான். மூடியில் துணி கட்டி மூடிவிட்டு, "திறந்துறாதீக மதினி, ஆவி போயிரும்" என்று சொல்லி இலை போடப் போனேன்.

நான் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கும்போது மதினியே அரைவட்டங்களைத் தட்டில் எடுத்துவந்து பரிமாறினாள். கணக்கப்பிள்ளை ஒன்றை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"இதுல கறி வாசம் அடிக்கே."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணிலும் சந்தேகம் இருந்ததுதான் எனக்கு வலித்தது.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றாள் மதினி.

அடுப்படிக்கு ஓடினேன். மேலே இருந்தது கறித் தட்டு. கீழ்த் தட்டில் மிச்சமிருந்த கோஸ் மோமோக்கள் நெய்யில் மினுங்கின. உருண்டை ஒன்றைப் பிட்டேன். நடுவில் கறி இன்னும் சிவப்பாகவே இருந்தது. இரண்டு தட்டையும் தூக்கிக்கொண்டு கணக்கப்பிள்ளை முன்னால் வந்து வைத்தேன்.

"நான் கோஸை மேல வச்சேன்யா. யாரோ தட்டை எறக்கி மாத்தி ஏத்தியிருக்காக. ரொம்ப நேரம் திறந்து கிடந்திருக்கு. அதான் கறியும் வேகல."

அடுப்படியில் வேறு யார் இருந்தார்கள்? அண்ணாச்சி மதினி பக்கம் திரும்பினார். அவள் முந்தானையை விரலில் சுற்றினாள்.

"பன்னிக்கறியோன்னு பாத்தேன். தூக்கிப் பாத்துட்டு வச்சேன். எது மேல இருந்துச்சுன்னு யாரு கண்டா?"

கணக்கப்பிள்ளை கைகழுவினார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"கோஸ் மட்டும் தனியா வையிங்க. வேற பாத்திரம், வேற இலை. நான் நின்னு பாக்கேன்."

இட்லிக் கொப்பரையைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். மீதிக் கோஸை மடித்து வைத்தேன். வெந்ததும் இறக்கி, சற்றே ஆறவிட்டு எடுத்தேன். சூட்டோடு இழுத்தால் அடி கிழியும். ஒன்றுகூட ஒட்டவில்லை. அவர் ஒன்றைப் பிய்த்து, உள்ளே பார்த்து, முகர்ந்து, பிறகே தின்றார். அப்புறம் ஐந்தாறு தின்றார்.

"தம்பியத் திங்கக்கிழமை வரச் சொல்லுங்க" என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கறி உருண்டைகளை மறுபடி வேகவைத்தேன். மதினி ஒன்றை எடுத்து வெகுநேரம் மென்றாள்.

"ஆடுதான்" என்றாள்.

சம்பளம் வந்ததும் நாங்கள் தனி வீடு பார்த்துப் போனோம். அன்று என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி என் வீட்டுக்காரர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.