அடங்கியபின்

தாம்பரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் டாக்டர் மாளவிகா கோபக்காரர் என்று பெயர் வாங்கியவர். அன்று குடிபோதையில் எல்லோரையும் அடித்த தீனா, அடங்குவதற்குக் கொடுத்த மாத்திரையைத் துப்பினான். ரத்தச் சர்க்கரை சரியாக இருந்தது; வெறிக்கு அது காரணமில்லை. சாராயத்தோடு லோராசிபாம் என்ற தூக்க மருந்து சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடலாம் என்று, ஊழியர்கள் அவனை அமுக்கிப் பிடிக்க, ஹாலோபெரிடால், புரோமெத்தசின் என்ற வெறி அடக்கும் ஊசிகளைத் தொடையில் போட்டார். விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டி, பக்கத்திலேயே ஊழியர் ஒருவர் நின்று மூச்சைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, விபத்துக் கேஸைப் பார்க்கப் போனார்.

திரும்பியபோது கட்டிலருகே அவன் மனைவி வினிதா மட்டும்தான். கிளிப் கழன்று கிடந்தது. தீனாவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"மெஷின் கத்திகினே இருந்துச்சு டாக்டர், நான்தான் கழட்டினேன். நல்லா குறட்டை வுட்டு தூங்குறாரு."

அது தூக்கக் குறட்டை அல்ல, மூச்சு அடைபடும் சத்தம். தாடையைத் தூக்கி மூச்சு வழியைத் திறந்து, ஆக்சிஜன் வைத்தார். நிறம் திரும்பியது. அப்புறம் ஊழியர்கள் பக்கம் திரும்பினார்.

"இவர் கத்தினப்போ அமுக்கிப் பிடிக்க ஆறு பேர் ஓடி வந்தீங்க. அடங்கினப்புறம் பார்க்க ஒருத்தர்கூட இல்லையா?"