அண்ணனுக்காகக் கழற்றிய மாஸ்க்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நடுநடுவே, "எம்மா, விசயத்துக்கு வா" என்பாள். அதையும் சேர்த்தே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் நைனார்பாளையத்துக்குப் பக்கம். மரவள்ளிக் கிழங்கு பிடுங்க, சோளக்கதிர் உடைக்க, எந்தக் கொல்லைக்குக் கூப்பிடுகிறார்களோ அந்தக் கொல்லைக்குப் போகிற குடும்பம். அந்த மார்கழியில் மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம். அவளைவிட எனக்குத்தான் தலைகால் புரியவில்லை. பழைய நூல்சேலைகளைக் கிழித்து, துவைத்து, வெயிலில் காயவைத்து, மூன்று தடவை மடித்துவைத்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தேன். பிள்ளை பிறந்ததும் முதலில் என் கைக்குத்தான் வரும் என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். ஆட்டுக்காரன்கூட, "ஆயா, நேத்தே சொல்லிட்ட" என்றான்.

அந்த நேரத்தில் என் அண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்தார். கரியாலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் காவலுக்கு இருந்தவர். அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே உடம்பு அனலாகக் கொதித்தது, இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, ஃப்ளூ காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். என் வீட்டை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை.

அன்று சாயங்காலமே ஊர் நர்ஸம்மா வந்தாள். மகளின் வயிற்றைப் பார்த்தாள், பின்கட்டில் படுத்திருந்த அண்ணனைப் பார்த்தாள்.

"ஆயா, மாசமா இருக்கறவங்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்தா ஆபத்துங்க. பொண்ண மாமியார் வூட்டுக்கு அனுப்பிடுங்களேன்."

"தலைப்பிள்ளைய எப்பிடிம்மா அங்க அனுப்பறது? முன்கட்டுல அவ இருக்கட்டும், பின்கட்டுல அவரு இருக்கட்டும். நடுவுல நான் பாத்துக்கறேன்."

நர்ஸம்மா யோசித்தாள். "பின்கட்டுக்குத் தனி வாசல் இருக்குது. சரி. ஆனா உங்களுக்குக் காய்ச்சல் வந்திச்சின்னா, அன்னிக்கே பொண்ணு கெளம்பிடணும்."

நான் முந்தானையை மூக்கோடு சேர்த்துச் சுற்றிக்காட்டி, "இது போதாதா?" என்றேன்.

"துணி, எச்சி தெறிக்கறத கொஞ்சம் தடுக்கும். பொடிப்பொடியா காத்துல மெதந்து வர்றத தடுக்காது. இருமறவருக்கு இந்த நீல மாஸ்க். அவரு வாயிலேர்ந்து வர்றது அதுலயே நிக்கும். நீங்க கிட்டப் போறவங்க, உங்களுக்கு இது." கிண்ணம் மாதிரி ஒன்றை எடுத்தாள். என்95 என்று பேர். நீல மாஸ்க்கில் கன்னத்தோரம் இடைவெளி இருக்கும், காற்று அந்த வழியாகப் புகுந்துவிடும். இது மூஞ்சியோடு ஒட்டி உட்கார்ந்தால் இழுக்கிற காற்றெல்லாம் மாஸ்க் வழியாகத்தான் வரவேண்டும் என்றாள்.

போட்டுவிட்டாள். ஒரு வார் உச்சந்தலையில், இன்னொன்று காதுக்குக் கீழே பிடரியில். என் கொண்டை நடுவில் மாட்டிக்கொண்டது. மூக்கின்மேல் இருக்கிற கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தச் சொன்னாள். பிறகு இரண்டு கையாலும் மாஸ்க்கை மூடி, ஊதச் சொன்னாள். ஓரத்தில் காற்று பிய்த்துக்கொண்டு வந்தது.

"மூக்குத்தி தூக்குது ஆயா. கழட்டுங்க."

"கல்யாணத்துக்குப் போட்டது, எங்க ஊட்டுக்காரரு செத்தப்போகூட கழட்டல."

"பேரப்புள்ளைக்காகக் கழட்டுங்க."

கழற்றினேன். மறுபடி ஊதினேன். ஓரத்தில் காற்று வரவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம், ஏதோ பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி. உள்ளே போகும் முன்னால் போடணும், வெளியே வந்த பிறகு கழற்றணும், முன்பக்கம் தொடக்கூடாது, பின்னால் வாரைப் பிடித்து எடுக்கணும், உடனே சோப்புப் போட்டுக் கை கழுவணும், ஈரமானால் வேறு மாற்றணும், பின்கட்டு ஜன்னல் திறந்தே இருக்கணும். அவள் சொன்னதையெல்லாம் மனப்பாடமாகத் திருப்பிச் சொன்னேன்.

அண்ணனிடம் மட்டும் அவள் பேச்சு எடுபடவில்லை. நீல மாஸ்க்கைக் கையில் வைத்துப் பார்த்தபடியே இருந்தார்.

அவர் ஏன் அப்படி இருந்தார் என்பது எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரு நிலக்காரர் வீட்டில் ஏர் ஓட்டினார். அந்த வீட்டு வாசலில் நின்று பேச வேண்டுமானால் தோள்துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டுதான் பேசவேண்டும். ஒருநாள் பொத்தாமல் பேசினார். வேலை போனது, அவர் மலைக்குப் போனார். அதற்குப் பிறகு தோளில் துண்டே போட்டதில்லை.

"அங்க வாயப் பொத்தச் சொன்னாங்க. இப்ப தங்கச்சி வூட்லயும் பொத்தணுமா?"

"உன்ன யாரும் தாழ்த்தலண்ணா. வயித்துப் புள்ளக்காரி இருக்கறா."

மகளுக்காகப் போட்டுக்கொண்டார். முதல் இரண்டு நாள் அப்படியே போனது. மகள் வேலிப்பக்கம் வெட்டவெளியில் தள்ளி நின்று, "மாமா, கஞ்சி குடிச்சியா?" என்று கத்துவாள். அவர் ஜன்னலில் கையாட்டுவார்.

மூன்றாம் நாள் தூறல். குளிருது என்று அவர் ஜன்னலைச் சாத்தியிருந்தார். நான் கஞ்சியோடு போனேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"எனக்கு வாணாம்."

"நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்புடலியேண்ணா. இன்னா கோவம்?"

"மூணு நாளா கண்ணு மட்டும்தான் தெரியுது. பொணத்துக்கிட்ட வர்ற மாதிரி வர்ற. மூஞ்சியக் காட்டு, குடிக்கறேன்."

மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினேன். முன்பக்கத்தைப் பிடித்துத்தான் இறக்கினேன். மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கே போனதோ.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். குடிப்பதற்காக அவரும் கழற்றினார். ஒரு சொம்புக் கஞ்சியும் ஊறுகாயும். சின்ன வயதில் நான் கடுக்காயைக் கொட்டைப்பாக்கு என்று நினைத்துக் கடித்து மூஞ்சி கோணியதைச் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலானது, இருமல் மறுபடி சிரிப்பானது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். இவ்வளவு வருஷத்தில் நாங்கள் அப்படிச் சிரித்ததில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. சண்டை போட்டுக் கழற்றியிருந்தால்கூட மனசு கேட்டிருக்கும்.

அதற்கு இரண்டாம் நாள் விடியும்போது எனக்குக் காய்ச்சல் அடித்தது, கை காலெல்லாம் உளைந்தது. மகளிடம் மறைக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தேன் என்பதையும் எழுது என்றேன். எழுதுகிறவள் நிமிர்ந்து பார்க்கிறாள். மறைக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்றே சொன்னேன். நர்ஸம்மா வந்து மகளையும் பார்த்து, அவளுக்குக் காய்ச்சல் இல்லை என்றாள். மத்தியானமே மருமகன் காரோடு வந்துவிட்டார். மடித்த சேலைத் துணிகளைக்கூட நான் தொட்டுக் கொடுக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக் கொடுத்தாள். கார் களமருதூர் ரோட்டில் திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் அன்று கட்டிலில் கிடந்த நீல மாஸ்க்கை எடுத்துத் தானே போட்டுக்கொண்டார்.

மகள் போன எட்டாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. சம்பந்தியம்மாள்தான் முதலில் கையில் வாங்கினாள். நல்ல மனுஷி, குறை சொல்லமாட்டேன். ஆனால் அது என் கை.

அவள் போன பன்னிரண்டாம் நாள் நானும் அண்ணனும் பார்க்கப் போனோம். எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, இருமல் மட்டும் கொஞ்சம் இருந்தது. பஸ்ஸில் ஏறும் முன்பே மாஸ்க் போட்டேன். அண்ணன் என் மூக்குக் கம்பியைப் பார்த்துவிட்டு, "சரியா அமுத்து, எடது பக்கம் தூக்கிக்கினு இருக்குது" என்றார்.

மகள் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"எம்மா, மூஞ்சியக் காட்டும்மா. புள்ள உன்னப் பாக்க வேணாமா?"

கை பிடரி வாருக்குப் போய்விட்டது.

"கழட்டாத தங்கச்சி," என்றார் அண்ணன். அவர் வாயும் நீல மாஸ்க்கால் மூடியிருந்தது.

கையை இறக்கிவிட்டேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. நான் கிழித்த நூல்சேலையில்தான் சுற்றியிருந்தார்கள்.