லைக் போட்டவர்கள் செவுளைத் தூக்கவில்லை

சென்னை காலடிப்பேட்டையில் எங்கள் மீன்கடை. ஆளுயர மயில்மீனை நான் தோளில் தூக்கி நிற்பதை மச்சான் வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டான். ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் லைக். அதை நம்பி மறுநாள் இரண்டு கூடை வஞ்சிரம் கூடுதலாக எடுத்தேன். வீடியோவைப் பார்த்து ஒருவரும் வரவில்லை.

கமெண்டுகளைப் படிக்கப் படிக்க எரிச்சல் ஏறியது. ‘வேற லெவல்’, ‘மாஸ்’ என்று மதுரையிலிருந்தும் துபாயிலிருந்தும் எழுதியிருந்தார்கள். விலை கேட்டவர், கடை எங்கே என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

“ஐஸு கரையுது, இன்னும் போனையே நோண்டிகினு கீறியே!” என்று மனைவி கத்தினாள். “மார்க்கெட்ல மீன போட்டோ புடிக்கிறவன் எவனாவது வாங்கிகீறானா? வாங்க வர்றவ செவுளத் தூக்கிப் பாப்பா.”

தினமும் கண்ணெதிரே பார்ப்பதை ஒரு போனைக் கண்டதும் மறந்தேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

அவள் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வாட்ஸப்பில் ஒரே வரி அனுப்பினாள்: ‘வஞ்சிரம் கீது, வெட்டித் தரோம்.’ பாராட்டு ஒன்றும் வரவில்லை. “கிலோ இன்னா? வறுவலுக்கு மெல்லிசா வெட்டுவியா?” என்று ஆறு பேர் கேட்டார்கள். ஆறு பேரும் வந்தார்கள்.

நான் வெட்டிக்கொண்டிருந்தபோது மச்சான் குதித்துக்கொண்டு வந்தான். “மாமா, லைக்கு இன்னும் ஏறிகினே கீது!”

“அந்த லைக்க கொழம்பு வெச்சித் துன்னுடா” என்றேன்.