இங்கே மணி ஆறு

தம்பி படிக்கப் போன ஊருக்கு டிரங்க் கால் பதிவு செய்ய, ஆடிக் காற்றில் திருச்சி தபால் நிலையத்துக்கு ஓடினேன்.

"வெலிங்டன். சனிக்கிழமை சாயந்தரம் ஆறு மணி."

"குன்னூர் பக்கத்துலதானே?" என்றார் கவுண்டரில் இருந்த பெண்மணி.

"நியூசிலாந்துங்க!" எரிந்து விழுந்தேன்.

அவர் அசரவில்லை. "அங்க நம்மளவிட ஆறரை மணி நேரம் முன்னால. ஆறு மணி அவருக்கா, உங்களுக்கா?"

கடிதத்தைப் பிரித்தேன். 'இங்கே ஆறு மணிக்கு அறையில் இருப்பேன்' என்றிருந்தது. ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்து படித்ததில் அந்த 'இங்கே' எனக்கு ஸ்ரீரங்கமாகிவிட்டிருந்தது.

"அவனுக்குத்தாங்க."

"அப்போ நமக்குப் பகல் பதினொன்றரை."

சனிக்கிழமை, கொளுத்தும் வெயிலில், அம்மா ரிசீவரைப் பிடித்துக் கத்தினாள்: "விளக்கு வெச்சாச்சாடா?"