என்னைத் திட்ட ஓர் ஆள்

வேலை பிடித்துத் தரும் கன்சல்டன்சிக்காரர் என் பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு, பிறந்த தேதியை எடுத்துவிடச் சொன்னார். இருபத்தாறு வருட அனுபவத்தைப் பன்னிரண்டாகக் குறைத்தால்தான் கூப்பிடுவார்களாம். எனக்குச் சுள்ளென்று வந்தது. மீதி வருடங்களில் நான் என்ன தூங்கிக்கொண்டா இருந்தேன்?

நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியை மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனிக்கு, ஏற்றுமதி ஆர்டரை எடுத்ததிலிருந்து அனுப்புவதுவரை கவனிக்கும் சீனியர் மெர்ச்சண்டைசர் தேவை என்று தெரிந்ததும், எதையும் குறைக்காமல் நானே மெயில் அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "எனக்கு வயது ஐம்பத்து நான்கு. நிறத்தின் ஷேட் மாறி வந்த துணி, கடைசி நேரத்தில் அளவை மாற்றும் வெளிநாட்டு பையர், இரண்டையும் சமாளித்துச் சரக்கைக் கப்பல் ஏற்றியிருக்கிறேன். நீங்கள் பயன்படுத்தும் சாஃப்ட்வேரை இப்போது கற்று முடித்திருக்கிறேன். மேனேஜர் பதவி கேட்கவில்லை. என்னைவிட இளையவரிடம் ரிப்போர்ட் செய்வதில் எனக்குத் தயக்கமில்லை."

மறுநாளே கூப்பிட்டார்கள்.

நான் அறைக்குள் நுழைந்ததும் முதலாளி எழுந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். காபி சொன்னார். எனக்கு அப்போதே மனசு விட்டுப்போயிற்று. வேலை கேட்டு வந்தவனுக்கு எந்த முதலாளி எழுந்து நிற்பான்? பக்கத்தில் மெர்ச்சண்டைசிங் மேனேஜர், முப்பது வயதுப் பெண், என் மெயிலைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை கிடைத்தால் நான் அவரிடம்தான் ரிப்போர்ட் செய்ய வேண்டும்.

முதலாளி என் அனுபவத்தை வாயாரப் புகழ்ந்தார். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணா, நாளைக்கு ஒரு தப்பாச்சுன்னா உங்கள எப்படிங்க திட்டறது? வயசுல பெரியவங்க. நீங்க ஆலோசகரா வாரம் ஒருக்கா வந்துட்டுப் போங்க."

அந்த மரியாதை எனக்கு அறை வாங்கியது போல இருந்தது. மாலை போட்டு வாசலில் நிறுத்தி வைக்கிற வேலை அது. சரி என்று தலையாட்டிவிட்டு வர எனக்கு மனமில்லை.

"ஆலோசனை சொல்ல நான் வரலீங்க. அந்த மெயில்ல இருக்கிற வேலைக்குத்தான் வந்தேன். தப்புப் பண்ணினா திட்டு வாங்கறதும் அந்த வேலைல சேர்ந்ததுதானுங்க."

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். அந்தப் பெண் கையிலிருந்த தாளை மேஜைமேல் வைத்தார்.

"எனக்குத் திட்ட வருமுங்க. திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு வந்துருங்க. லேட்டாச்சுன்னா கேப்பேன்," என்றார்.

அவர் சிரிக்கவில்லை. அந்த அறையில் என்னை வேலைக்கு வந்தவனாகப் பார்த்தது அவர் ஒருவர்தான்.